டிங்கிக்குப் பிறகு டீச்சருக்கு ஒரு குறிப்பு

உடம்பு சரியில்லாமல் பள்ளிக்குப் போகாத பிள்ளை, முடிக்காத பயிற்சித்தாளுக்குக் கூடுதல் நாள் கேட்டு ஆசிரியருக்கு நான்கு வரி எழுத வேண்டும். கேட்டால் சின்ன வேலைதான். ஆனால் பிரிக்பீல்ட்ஸில் மாலை நேரத்தில் தமிழ் டியூஷன் எடுக்கும் எனக்கு இப்படிப்பட்ட குறிப்புகள் நிறைய வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றைப் படித்து முடித்த பிறகும் என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியாது. காய்ச்சல் எவ்வளவு கடுமையாக இருந்தது என்று இருக்கும், மன்னிப்பு இருக்கும், “சீக்கிரம் கொடுத்துவிடுகிறேன்” என்று இருக்கும். எந்தத் தாள், எவ்வளவு முடிந்தது, என்றைக்குக் கிடைக்கும் என்பது மட்டும் இருக்காது.

கடந்த ஜூலையில் கிள்ளானில் இருக்கும் என் தங்கை மகள் இதே சிக்கலோடு வந்தாள். படிவம் 4 படிக்கிறாள். அவளும் நானும் உட்கார்ந்து எழுதிய குறிப்பையும், அதை எழுதுவதற்கு முன் போட்ட கணக்கையும் இங்கே பதிவு செய்கிறேன். வீட்டில் பிள்ளைகள் இருப்பவர்களுக்குப் பயன்படும். அவளுடைய பெயர், பள்ளியின் பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

முதலில் நோயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாள் கணக்கு முழுவதும் அதில்தான் இருக்கிறது. அவளுக்கு வந்தது டிங்கி. சிலாங்கூரில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாட்டிலேயே அதிகமான டிங்கி நோயாளிகள் வருடா வருடம் நம் மாநிலத்தில்தான் பதிவாகிறார்கள். 2019-இல் மலேசியா முழுவதும் 1,30,000 பேருக்கு மேல் பதிவானார்கள். அதனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் வேலை செய்யும் எந்த ஆசிரியருக்கும் டிங்கி என்றால் என்னவென்று தெரியும். குறிப்பில் அதை ஒரே வரியில் சொன்னால் போதும் என்று நான் சொல்வதற்கு அது ஒரு காரணம்.

ஜூலை 4, வெள்ளிக்கிழமை இரவு காய்ச்சல் தொடங்கியது. கண்ணுக்குப் பின்னால் குத்துகிற வலி, முதுகு வலி, சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது என்எஸ்1 பாசிட்டிவ் என்று வந்தது. அதன் பிறகு தினமும் போய் இரத்தம் கொடுத்துப் பிளேட்லெட் பார்க்க வேண்டியிருந்தது. புதன்கிழமை, அதாவது 9-ஆம் தேதி காலையில் உடம்பு குளிர்ந்துவிட்டது. என் தங்கை மகிழ்ச்சியில் எனக்குப் போன் செய்தாள். கையோடு இன்னொன்றும் சொன்னாள்: “காய்ச்சல் விட்டிருச்சிக்கா, இன்னிக்கு உட்கார்ந்து அந்தத் தமிழ்ப் பயிற்சிய முடிச்சிடச் சொல்லியிருக்கேன்.”

இந்த இடத்தில்தான் பல வீடுகளில் தவறு நடக்கிறது. மற்ற பல காய்ச்சல்களில் சூடு இறங்கினால் குணமாகிறது என்று அர்த்தம். டிங்கியில் அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. சூடு இறங்கும் நேரத்தில்தான், மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிய ஆரம்பிக்கும் ஆபத்தான கட்டம் வருகிறது. அது 24 முதல் 48 மணி நேரம் வரை இருக்கும். ஓயாத வாந்தி, வயிற்று வலி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், காரணமில்லாத சோர்வு, எழுப்பினாலும் கண் திறக்க முடியாத தூக்கம், இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த நாளில் பிள்ளையைப் பயிற்சித்தாளோடு மேசையில் உட்கார வைத்தால், அவள் தலையைக் கவிழ்த்துப் படுத்துக்கொள்வதை நாம் சோம்பல் என்று நினைத்துவிடுவோம். எச்சரிக்கை அறிகுறி நம் கண்முன்னே இருக்கும், நாம் ஏசிக்கொண்டு இருப்போம். தங்கையிடம் இதைச் சொன்னேன். பயிற்சித்தாள் பைக்குள் போனது.

நல்ல வேளையாக அவளுக்கு எதுவும் ஆகவில்லை. வெள்ளிக்கிழமை பிளேட்லெட் ஏற ஆரம்பித்தது. கை கால் எல்லாம் சிவந்து அரித்தது. அது குணமாகும்போது வருவதுதான் என்று டாக்டர் சொன்னார். 13-ஆம் தேதி ஞாயிறு வரை எம்.சி. கொடுத்தார்கள். திங்கட்கிழமை பள்ளிக்குப் போகலாம்.

பயிற்சித்தாளைக் கொடுக்க வேண்டிய நாள் 16, புதன்கிழமை.

அது 12 பக்கத் தாள். தமிழ்மொழி ஆசிரியை ஜூலை 2-ஆம் தேதி இரண்டு வாரத் தவணை கொடுத்திருந்தார். இலக்கணத்தில் 40 கேள்விகள், கருத்துணர்தலில் இரண்டு பனுவல்கள், கடைசியில் ஒரு கட்டுரை. காய்ச்சல் வருவதற்கு முன் அவள் இலக்கணத்தில் 10 கேள்விகளை முடித்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் கோமுட்டர் ஏறிக் கிள்ளானுக்குப் போய்ச் சேர்ந்தபோது கைப்பேசியில் ஒரு குறிப்பைத் தட்டி வைத்திருந்தாள். அனுப்பவில்லை. “பெரியம்மா, இத பாருங்க, டீச்சர் ஏசுவாங்களா?” என்று நீட்டினாள். அவள் அனுமதியோடு அப்படியே தருகிறேன்:

“வணக்கம் டீச்சர். எனக்கு டிங்கி காய்ச்சல் வந்து ரொம்ப முடியாமல் இருந்தது. தினமும் கிளினிக் போய் இரத்தம் எடுத்தார்கள். சாப்பிடவே முடியவில்லை. இப்போதும் தலை சுற்றுகிறது. அதனால் பயிற்சியை முடிக்க முடியவில்லை. மன்னிக்கவும் டீச்சர். முடிந்தவரை சீக்கிரம் முடித்துக் கொடுத்துவிடுகிறேன். தயவு செய்து புரிந்துகொள்ளுங்கள்.”

மரியாதையான குறிப்பு. உண்மையான குறிப்பும்கூட. ஆனால் இதைப் படிக்கும் ஆசிரியையின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவர் பல வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவர். எந்தப் பயிற்சி? எழுதியது யார்? (எண் அம்மாவுடையது, குறிப்பில் பெயர் இல்லை.) ஒன்றுமே செய்யவில்லையா, பாதி முடிந்ததா? புதன்கிழமை வகுப்பில் விடைகளைக் கலந்துரையாடலாமா, இவளுக்காகத் தள்ளி வைக்க வேண்டுமா? மதிப்பெண்ணை எப்போது பதிவது? இத்தனைக்கும் அவர் திரும்பக் கேள்வி கேட்டுத்தான் விடை வாங்க வேண்டும். அதற்கு நேரமில்லாவிட்டால் “சரிம்மா, உடம்பைப் பார்த்துக்கோ” என்று ஒரு வரி வரும். பிள்ளை அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வாள். ஆசிரியர் அதை ஆறுதலாக மட்டும் சொல்லியிருப்பார். அடுத்த வாரம் சிக்கல் அங்கேதான் முளைக்கும்.

“எம்.சி. கொடுத்துட்டோமே பெரியம்மா, டீச்சருக்குத் தெரியும்ல?” என்று கேட்டாள். இதை நிறையப் பேர் நம்புகிறார்கள். எம்.சி. போவது வகுப்பாசிரியரிடம். அது பள்ளிக்கு வராததற்கு மட்டும்தான் காரணம் சொல்கிறது. இடைநிலைப்பள்ளியில் தமிழ்மொழி வகுப்பு வேறு மாதிரி நடக்கிறது. அவள் பள்ளியில் நான்கு வகுப்புகளிலிருந்து மாணவர்கள் ஒன்றுசேர்ந்து ஒரே தமிழ் வகுப்பாக உட்காருகிறார்கள். அவளுடைய வகுப்பாசிரியர் மலாய்க்காரர், நல்ல மனிதர், ஆனால் தமிழ்மொழி ஆசிரியையின் பயிற்சித்தாளைப் பற்றி அவருக்கு எப்படித் தெரியும்? அந்த வகுப்பின் வாட்ஸ்அப் குழுவிலும் தமிழ் ஆசிரியை இல்லை. எம்.சி. தானாக நடந்து ஒவ்வொரு பாட ஆசிரியரிடமும் போகாது. பாட ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்ல வேண்டும்.

சரி, என்றைக்குக் கொடுக்க முடியும் என்று கேட்டேன். “வெள்ளிக்கிழமை கொடுத்திடுறேன்” என்றாள், யோசிக்காமல். பிள்ளைகள் எப்போதும் இப்படித்தான் சொல்வார்கள். கேட்கக் கூச்சம், அதனால் கிடைக்கக்கூடியதில் மிகக் குறைந்த நாளைக் கேட்பார்கள். அந்த நாளில் முடியாது. மறுபடி ஒரு குறிப்பு எழுத வேண்டி வரும், அந்த இரண்டாவது குறிப்புக்கு முதல் குறிப்பின் மரியாதை கிடைக்காது. ஒருமுறை கேட்பதைச் சரியான கணக்கோடு கேட்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

கணக்கு போட ஊகம் போதாது, சோதித்துப் பார்க்க வேண்டும். அன்று மாலையே இலக்கணத்தில் அடுத்த கேள்விகளைச் செய்யச் சொன்னேன். நன்றாக இருக்கும்போது ஆறு கேள்விகளைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிற பிள்ளை. அன்றைக்கு ஆறு கேள்விக்கு அரைமணி நேரம் ஆனது. ஐந்தாவது கேள்வியை இரண்டு முறை படித்தாள். ஆறாவதை எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டு நெற்றியைக் கையால் தாங்கிக்கொண்டாள். விடைகள் சரியாகத்தான் இருந்தன. வேகம் மட்டும் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. டிங்கி விட்ட பிறகு வரும் இந்தக் களைப்பு சிலருக்குச் சில நாளில் போகும், சிலருக்கு வாரக் கணக்கில் இழுக்கும். பிளேட்லெட் சரியாகிவிட்டது என்ற அறிக்கை கையில் இருக்கும். ஆள் வெயிலில் பேருந்து நிறுத்தம் வரை நடந்தாலே உட்கார இடம் தேடுவாள். வெளியே பார்ப்பவர்களுக்கு எதுவும் தெரியாது.

ஆகவே ஒரு மாலைக்கு எட்டுக் கேள்விகள், அதையும் நடுவில் ஓய்வெடுத்துத்தான் என்று வைத்துக்கொண்டோம். முடிந்தது 16, மீதி 24. திங்கள், செவ்வாய், புதன் மூன்று மாலையில் இலக்கணம் முடியும். வியாழக்கிழமை மறுபடியும் இரத்தப் பரிசோதனைக்குக் கிளினிக்; அன்றைக்கு ஒன்றும் வேண்டாம். தமிழ் வகுப்பு புதனும் வெள்ளியும் நடக்கிறது. அப்படியென்றால் 18, வெள்ளிக்கிழமை வகுப்பிலேயே இலக்கணப் பகுதியைக் கையில் கொடுத்துவிடலாம். சனி ஒரு பனுவல், ஞாயிறு ஒரு பனுவல். திங்கட்கிழமை கட்டுரைக்குக் குறிப்பெடுத்து முதல் வரைவு, செவ்வாய்க்கிழமை திருத்தி எழுதுவது. 23, புதன்கிழமை எல்லாம் முடியும்.

கட்டுரையைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. இலக்கணக் கேள்வியை எட்டு எட்டாகப் பிரித்துச் செய்யலாம், நடுவில் படுத்துக்கொண்டாலும் ஒன்றும் கெடாது. கட்டுரை அப்படியில்லை. முன்னுரை எழுதிவிட்டுத் தூங்கி எழுந்தால் கருத்தின் தொடர்ச்சி அறுந்துவிடும். களைத்த மூளையால் எழுதிய கட்டுரைக்கு மதிப்பெண் குறைவாக வரும், அந்த மதிப்பெண்தான் பதிவில் நிற்கும்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அவள் வராத 9, 11 தேதிகளில் ஆசிரியை வலிமிகா இடங்களை நடத்தியிருந்தார். தாளில் மீதியிருந்த கேள்விகளில் ஆறு அதைப் பற்றியவை. படிக்காத பாடத்தில் கேள்வி இருப்பதை ஆசிரியரிடம் சொல்லாமல் விட்டால், விடை தவறும்போது அவர் கவனக்குறைவு என்றுதான் நினைப்பார்.

பிறகு குறிப்பை எழுதினோம். அவள் எழுத, நான் பக்கத்தில் இருந்தேன். முதல் முயற்சியில் தேர்வுக்குப் படித்த அதிகாரப்பூர்வக் கடிதம் வந்து நின்றது: அனுப்புநர், பெறுநர், தலைப்பு, “மேற்கண்ட தலைப்பையொட்டி”, கீழே “இக்கண்”. வாட்ஸ்அப்பில் அந்த உருவம் தேவையில்லை. ஆனால் அந்தக் கடிதத்தில் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது: யார், எதைப் பற்றி என்பது முதலிலேயே வந்துவிடும். அதை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

“வணக்கம் டீச்சர். நான் படிவம் 4 தமிழ்மொழி வகுப்பு மாணவி (பெயர், வகுப்பு). இது அம்மாவின் எண். ஜூலை 4 முதல் எனக்கு டிங்கி காய்ச்சல். 13 வரை எம்.சி. இன்று பள்ளிக்கு வந்துவிட்டேன். எம்.சி.யை வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 2-இல் நீங்கள் கொடுத்த 12 பக்கப் பயிற்சித்தாளை 16-க்குள் என்னால் முடிக்க இயலாது. இலக்கணத்தில் 40-இல் 16 கேள்விகள் முடிந்தன. கருத்துணர்தலும் கட்டுரையும் இன்னும் தொடங்கவில்லை. இப்போது ஒரு நாளைக்கு எட்டுக் கேள்விகள்வரைதான் செய்ய முடிகிறது.

இலக்கணத்தை 18 வெள்ளிக்கிழமையும், மற்ற இரண்டையும் 23 புதன்கிழமையும் வகுப்பில் கொடுக்க அனுமதி தருவீர்களா? வலிமிகா இடங்கள் நடத்திய நாளில் நான் இல்லை; அந்த 6 கேள்விகளுக்குத் தோழியின் குறிப்பைப் பார்த்து எழுத முயல்கிறேன். புதன்கிழமை விடைகளைக் கலந்துரையாடுவதாக இருந்தால், எந்தப் பகுதியை முதலில் முடிக்க வேண்டும் என்று சொல்லுங்கள் டீச்சர், அதையே முதலில் செய்கிறேன். நன்றி.”

முதல் குறிப்பைவிட இது நீளம்தான். ஆனால் ஆசிரியை திரும்பக் கேட்க வேண்டியது எதுவும் இல்லை. நோய்க்கு ஒரு வரி. பிளேட்லெட் எண்ணிக்கை, சாப்பிட முடியாதது, தலைச்சுற்றல் எதுவும் இல்லை. அதற்குப் பதிலாக “ஒரு நாளைக்கு எட்டுக் கேள்விகள்” இருக்கிறது. உடம்பின் நிலை ஆசிரியருக்குப் புரிய அந்த எண் போதும். கேட்பது கேள்வியாக இருக்கிறது, அறிவிப்பாக இல்லை. “18-இல் கொடுக்கிறேன்” என்று முடிவெடுத்துச் சொல்வதும், “அனுமதி தருவீர்களா” என்று கேட்பதும் பெரியவர்களிடம் ஒன்றாகாது. கடைசியில் கலந்துரையாடலைப் பற்றிக் கேட்டதை நான் வற்புறுத்திச் சேர்க்கச் சொன்னேன். வகுப்பில் விடை சொல்லிவிட்ட பிறகு அதே தாளைக் கொடுத்தால் ஆசிரியர் அதை எப்படித் திருத்துவார்? மாணவர்கள் யோசிக்காத, ஆசிரியர்கள் முதலில் யோசிக்கிற விஷயம் அது.

அனுப்பியது திங்கட்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, வீட்டுக்கு வந்தவுடன். பள்ளியில் கைப்பேசி கிடையாது. புதன்கிழமை வரை காத்திருந்து வகுப்பில் நேரில் சொல்லலாம் என்று அவள் நினைத்தாள். அது தவணை நாள், அன்றைக்குச் சொன்னால் சாக்குப்போல் ஆகிவிடும். இரவு பத்து மணிக்கும் அனுப்பக் கூடாது. குரல் பதிவு வேண்டாம், துண்டு துண்டாக ஐந்து செய்தியும் வேண்டாம். எம்.சி.யின் படத்தை ஆசிரியர் கேட்டால் அவருக்கு மட்டும் தனியாக அனுப்ப வேண்டும்; அதில் அடையாள அட்டை எண் இருக்கிறது, குழுவில் போடக் கூடாது. இதைப் பெற்றோர்களே குழுவில் போட்டுவிடுவதை நான் பார்க்கிறேன்.

மாலையில் பதில் வந்தது. இலக்கணம் 18-இல் சரி. வலிமிகா இடங்கள் பற்றிய ஆறு கேள்விகளை இப்போது விட்டுவிடு, வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்து பத்து நிமிடம் இரு, சொல்லித் தருகிறேன். கருத்துணர்தலில் முதல் பனுவல் போதும். கட்டுரையை 25-இல் கொடு. கலந்துரையாடலைப் புதன்கிழமை ஆரம்பிக்கவில்லை, இலக்கணத்தை அடுத்த வாரம் பார்ப்போம்.

நாங்கள் கேட்டதைவிட அதிகம் கிடைத்தது. அந்த ஆசிரியை இரக்கமுள்ளவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் எதைக் குறைக்கலாம் என்று அவர் பார்க்க முடிந்தது, பகுதி பகுதியாகக் கணக்கு அவர் முன்னால் இருந்ததால்தான். “பயிற்சியை முடிக்கவில்லை” என்று மட்டும் சொல்லியிருந்தால் அவர் தள்ளி வைக்கலாம், தள்ளி வைக்காமல் இருக்கலாம். ஒரு பனுவலைக் கழிக்க அவருக்கு வழி இருந்திருக்காது.

எல்லாவற்றுக்கும் இப்படித் தேதி நகராது என்பதையும் அவளிடம் சொன்னேன். எஸ்பிஎம் தாளின் நாளை யாரும் மாற்ற மாட்டார்கள். மருத்துவமனையில் படுத்திருக்கும் மாணவர் அங்கேயே உட்கார்ந்து எழுத ஏற்பாடு செய்வார்கள், ஆனால் நாளும் நேரமும் அதேதான். அடுத்த வருடம் அவள் அந்தத் தேர்வை எழுத வேண்டியவள். வகுப்புப் பயிற்சித்தாளின் தவணை ஆசிரியரின் கையில் இருக்கிறது, கேட்கலாம்.

வெள்ளிக்கிழமை இலக்கணத்தைக் கொடுத்துவிட்டாள். வாரக் கடைசியில் மறுபடியும் தளர்ந்துபோனாள். சனிக்கிழமை முழுவதும் படுக்கைதான். ஞாயிறு காலை என்னிடம் கேட்டுக்கொண்டு ஆசிரியைக்கு இரண்டு வரி அனுப்பினாள்: “டீச்சர், கருத்துணர்தலில் 7 கேள்விகளில் 4 முடிந்தன. 23-இல் கண்டிப்பாகக் கொடுப்பேன். கட்டுரைக்கு மட்டும் 25-இல் சிரமம் ஏற்படும் போலிருந்தால் 23-ஆம் தேதியே வகுப்பில் உங்களிடம் சொல்கிறேன்.” சிரமம் ஏற்படவில்லை. கட்டுரை 25-ஆம் தேதி போய்ச் சேர்ந்தது.